பத்தாவது மீட்டரில் நடுங்கும் காவலன்

ஒரு வீடியோ கேம். கோட்டையைச் சுற்றி அகழி. அகழிக்கு அந்தப்பக்கம் கையில் வேலோடு ஒரு காவலன் ரோந்து போய்க்கொண்டிருக்கிறான். இந்தப்பக்கம் ஆட்டக்காரர் அசையாமல் நிற்கிறார். காவலன் அவரைப் பார்த்துவிடுகிறான். வேலை ஓங்கிக்கொண்டு பாலத்தை நோக்கி ஓடுகிறான். நாலு அடி வைத்ததும் ஏதோ ஆகிவிடுகிறது. ஓடவும் இல்லை, திரும்பவும் இல்லை. நின்ற இடத்திலேயே உடம்பு வெடவெடவென்று ஆடுகிறது. "யாரது!" என்று அதட்ட வேண்டிய குரல் "யா யா யா யா" என்று திக்குகிறது. தலைக்கு மேல் தோன்ற வேண்டிய சிவப்பு ஆச்சரியக்குறி, பழுதான டியூப்லைட் மாதிரி துடிக்கிறது.

ஆட்டக்காரருக்கு இது சிரிப்பு. ஒரு அம்பை எடுத்து நிதானமாகக் குறிபார்த்துக் காவலனை வீழ்த்திவிட்டுப் போய்விடுவார். கேமை உருவாக்கியவருக்கோ இது தலைவலி. வெட்டவெளியில் வைத்து எத்தனை தடவை சோதித்தபோதும் இதே காவலன் ஒழுங்காகத்தான் ஓடி வந்தான். அகழி ஓரத்தில் மட்டும் ஏன் இப்படி ஆடுகிறான்?

திரையில் தெரியும் அசைவு உண்மையில் தனித்தனிப் படங்களின் வரிசை. பல கேம்கள் நொடிக்கு 60 படம் என்ற வேகத்தை நோக்கி எழுதப்படுகின்றன. ஒவ்வொரு படத்துக்கும் ஃபிரேம் என்று பெயர். எளிமையாக எழுதப்பட்ட கேமில் ஃபிரேமுக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 60 முறை, ஒவ்வொரு எதிரியையும் நிரல் விசாரிக்கிறது: நீ இப்போது என்ன செய்ய வேண்டும்? காவலனுக்கு இரண்டே வேலைதான். ஒன்று ரோந்து, இன்னொன்று விரட்டல். புரோகிராமர்கள் இவற்றை நிலைகள் என்பார்கள். ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு நிலையில்தான் இருக்க முடியும். எந்த நிலை என்று தீர்மானிக்க, முதல்முறை கேம் எழுதும் யாரும் எழுதக்கூடிய வரிகள் இவை:

```
if d < 10:
    state = CHASE
else:
    state = PATROL
```

`d` என்பது காவலனுக்கும் ஆட்டக்காரருக்கும் இடையிலுள்ள நேர்கோட்டுத் தூரம், மீட்டரில். பத்து மீட்டருக்குள் வந்தால் விரட்டு, இல்லையென்றால் ரோந்து போ. படிக்கும்போது இதில் தப்பு எதுவும் தெரியாது. தமிழில் சொன்னாலும் சரியாகத்தான் இருக்கிறது.

இனி அகழிக்கு வருவோம். கணக்குக்காகச் சில அளவுகளை வைத்துக்கொள்ளலாம். ஆட்டக்காரருக்கு நேர் எதிரே, மறுகரையில், காவலனின் ரோந்துப் புள்ளி ஒன்று இருக்கிறது. அங்கே நின்றால் இருவருக்கும் இடையே 9.5 மீட்டர். பாலம் அந்தப் புள்ளியிலிருந்து வலப்பக்கம் 8 மீட்டர் தள்ளி. காவலன் விரட்டும்போது நொடிக்கு 4 மீட்டர் ஓடுவான். ரோந்தில் நொடிக்கு 2 மீட்டர் நடப்பான். ஃபிரேமுக்குப் பிரித்தால், ஓட்டத்தில் ஏறக்குறைய 6.7 சென்டிமீட்டர், நடையில் 3.3 சென்டிமீட்டர்.

காவலன் ரோந்துப் புள்ளியில் நிற்கிறான். தூரம் 9.5, பத்துக்குள் இருப்பதால் விரட்டல். ஆனால் நேரே பாய முடியாது, நடுவில் தண்ணீர். பாலம் வலப்பக்கம் இருப்பதால் கரையோடு வலப்பக்கம் ஓடுகிறான். ஓட ஓட ஆட்டக்காரரிடமிருந்து விலகுகிறான். புள்ளியிலிருந்து 3.10 மீட்டர் தள்ளி வரும்போது நேர்கோட்டுத் தூரம் 9.99. இன்னும் பத்துக்குள்தான். அடுத்த ஃபிரேமில் 3.17-க்குப் போகிறான், தூரம் 10.01 ஆகிவிடுகிறது. நிரல் கறாராகச் சொல்லிவிடும்: பத்தைத் தாண்டியாயிற்று, ரோந்துக்குத் திரும்பு. ரோந்து என்றால் பக்கத்திலுள்ள ரோந்துப் புள்ளிக்குப் போக வேண்டும். அது பின்பக்கம் இருக்கிறது. திரும்பி ஓர் அடி வைக்கிறான்: 3.13, தூரம் 10.003. இன்னும் ரோந்துதான். இன்னோர் அடி: 3.10, தூரம் மறுபடி 9.99. விரட்டு!

மூன்று ஃபிரேமில் ஒரு சுற்று முடிந்து, தொடங்கிய இடத்துக்கே வந்தாயிற்று. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் 20 சுற்று. சுற்றுக்கு இரண்டு என்று 40 நிலைமாற்றம். விரட்டலுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் "யாரது" ஒலி முதலிலிருந்து தொடங்குகிறது. ஓடும் அசைவும் முதல் படத்திலிருந்தே ஆரம்பிக்கிறது. இரண்டாவது படத்தைத் தாண்டுவதற்குள் நடை அசைவு வந்து அதை அழித்துவிடுகிறது. அந்த வெடவெடப்பு இதுதான். காவலன் குழம்பவில்லை. ஒவ்வொரு ஃபிரேமிலும் மிகச் சரியான முடிவைத்தான் எடுக்கிறான். அடுத்த ஃபிரேமில் அதைத் தானே கலைத்துக்கொள்கிறான், அவ்வளவுதான்.

வெட்டவெளிச் சோதனையில் இது ஏன் சிக்கவில்லை என்பதும் இப்போது புரிந்துவிடும். தடையில்லாத இடத்தில் விரட்டினால் தூரம் குறையும். 9.99 மீட்டரில் பார்த்தவன் அடுத்த ஃபிரேமில் 9.92-க்கு வந்துவிடுவான், பிறகு எல்லைக்கும் அவனுக்கும் தொடர்பே இல்லை. எல்லைக்கோட்டில் ஒற்றை எண் இருப்பது மட்டும் நடுக்கத்துக்குப் போதாது. விரட்டல் அவனை வட்டத்துக்கு வெளியே தள்ள வேண்டும், ரோந்து அவனை உள்ளே இழுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் மாட்டிக்கொள்வான். அகழி, மாடிப்படி, நடுவே சுவர் உள்ள தாழ்வாரம் என்று சுற்றுவழி இருக்கும் இடமெல்லாம் இதற்குத் தோதான இடம். "பார்த்ததும் அரை நொடி நின்று அதிர்ச்சி காட்டு" என்று அசைவு வைத்திருக்கும் எதிரிகளிடமும் இது வரும்: அவன் நின்று அதிரும் அரை நொடியில் ஆட்டக்காரர் ஓர் அடி பின்வாங்கியிருப்பார்.

ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டே தப்பித்த ஒரு பழைய கேமும் உண்டு. 1980-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட பேக்-மேன் அது. அதை வடிவமைத்தவர் டோரு இவாடானி. அதில் வரும் நான்கு பேய்களில் ஆரஞ்சு நிறப் பேய்க்குக் கிளைட் என்று பெயர். விரட்டும் கட்டத்தில் கிளைடுக்கு ஒரு விசித்திரமான விதி. பேக்-மேன் எட்டுக் கட்டத்துக்கு மேல் தள்ளியிருந்தால் அவனை நோக்கிப் போக வேண்டும். எட்டுக் கட்டத்துக்குள் வந்துவிட்டால் அவனை விட்டுவிட்டு இடப்பக்கக் கீழ்மூலையை நோக்கிப் போக வேண்டும். அதாவது நெருங்கினால் விலகு, விலகினால் நெருங்கு. அகழிக் காவலனை ஆட்டிப்படைத்த அதே இரட்டைத் தள்ளல், இங்கே வேண்டுமென்றே எழுதப்பட்டிருக்கிறது. எட்டாவது கட்டத்தில் கிளைட் நடுங்கியே தீர வேண்டும்.

ஆனால் நடுங்குவதில்லை. பேக்-மேனின் பேய்கள் நடுவழியில் தாமாக வந்த வழியே திரும்ப முடியாது. வலப்பக்கமோ இடப்பக்கமோ திரும்புவதும் சந்திகளில்தான். எட்டாவது கட்டத்தில் கிளைடின் இலக்கு எத்தனை முறை மாறினாலும் அடுத்த சந்தி வரும்வரை அவன் நேரே போய்த்தான் ஆக வேண்டும். சந்தி வரும்போது எந்த இலக்கு இருக்கிறதோ அதன்படி ஒரு திருப்பம். முடிவு துடித்தாலும் உடம்பு துடிப்பதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கிளைட், நெருங்கி வந்து கடைசி நேரத்தில் மனம் மாறி ஒதுங்கிப் போகும் கோமாளியாகத் தெரிவான். பாதையின் அமைப்பே அவனைக் காப்பாற்றிவிட்டது. எந்தத் திசையிலும் எந்தக் கணத்திலும் திரும்பக்கூடிய இன்றைய முப்பரிமாண எதிரிகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அவர்களுக்கான மருந்து இரண்டாவது எண்:

```
if state == PATROL and d < 10:
    state = CHASE
elif state == CHASE and d > 13:
    state = PATROL
```

பழைய வரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மாற்றம் இரண்டு. விரட்டத் தொடங்க 10 மீட்டர், விரட்டலைக் கைவிட 13 மீட்டர் என்று தனித்தனி எண்கள். இரண்டாவது மாற்றம் கண்ணில் உடனே படாது: நிரல் இப்போது "நீ ஏற்கெனவே எந்த நிலையில் இருக்கிறாய்?" என்றும் கேட்கிறது. பத்துக்கும் பதின்மூன்றுக்கும் இடையில் தூரத்தை மட்டும் வைத்துக் காவலன் என்ன செய்வான் என்று சொல்ல முடியாது. ரோந்து போய்க்கொண்டிருந்தவன் பதினோராவது மீட்டரில் ரோந்தையே தொடர்வான். விரட்டிக்கொண்டிருந்தவன் அதே பதினோராவது மீட்டரில் விரட்டலைத் தொடர்வான். வந்த வழியைப் பொறுத்துப் பதில் மாறும் இந்தக் குணத்துக்குத்தான் ஹிஸ்டெரிசிஸ் என்று பெயர்.

மாடியில் தண்ணீர்த் தொட்டியும் தானியங்கி மோட்டாரும் வைத்திருப்பவர்கள் வீட்டில் இது தினமும் நடக்கிறது. தொட்டிக்குள் கீழே ஒரு சென்சார், மேலே ஒரு சென்சார். தண்ணீர் கீழ்க்கோட்டுக்கு இறங்கினால்தான் மோட்டார் ஓடத் தொடங்கும்; மேல்கோட்டைத் தொட்டால்தான் நிற்கும். ஒரே கோட்டில் இரண்டையும் வைத்தால், யாராவது ஒரு குவளை தண்ணீர் பிடித்ததும் மோட்டார் ஓடும், குவளை அளவு நிரம்பியதும் நிற்கும். சீக்கிரமே மோட்டார் கருகிவிடும். மின்னணுவியலில் இந்த வேலையைச் செய்யும் சுற்றுக்கு ஷ்மிட் டிரிக்கர் என்று பெயர். அமெரிக்கரான ஓட்டோ ஷ்மிட் பட்டமேற்படிப்பு மாணவராக இருந்த காலத்தில், 1934-இல் அதை உருவாக்கினார். கணவாய் மீனின் நரம்புகளில் தூண்டல் எப்படிப் பரவுகிறது என்ற ஆராய்ச்சியின் பக்கவிளைவு அது. இரைச்சல் கலந்த மின்னழுத்தம் ஒரு கோட்டின் மேலும் கீழும் அலைந்தாலும் வெளியீடு அலையாமல் இருக்க, அவரும் இரண்டு கோடுகளைத்தான் வைத்தார். கேம் புரோகிராமர்கள் கண்டுபிடித்த தந்திரம் இல்லை இது; கடன் வாங்கியது.

பத்தும் பதின்மூன்றும் என்று சொன்னோம். ஏன் பதின்மூன்று? பெரும்பாலான பாடங்கள் "கொஞ்சம் கூடுதலாக வையுங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். உண்மையில் வேலை இங்கேதான் இருக்கிறது.

கைவிடும் எண்ணைப் பன்னிரண்டு என்று வைத்து அதே அகழியில் ஓட்டிப் பார்க்கலாம். காவலன் விரட்டத் தொடங்குகிறான். வலப்பக்கம் ஓடுகிறான். 3.12 மீட்டரில் பழைய பத்து மீட்டர் எல்லையைத் தாண்டுகிறான். இப்போது அது அவனைத் தடுக்காது. தொடர்ந்து ஓடுகிறான். புள்ளியிலிருந்து 7.33 மீட்டர் வந்ததும் நேர்கோட்டுத் தூரம் பன்னிரண்டைத் தொடுகிறது. பாலத்துக்கு இன்னும் 67 சென்டிமீட்டர்தான் பாக்கி, ஆனாலும் கைவிட்டுவிடுவான். திரும்பி நடக்கத் தொடங்கி, 3.12 மீட்டருக்கு வரும்போது தூரம் பத்துக்குள் வந்து மறுபடி விரட்டல். திரும்பி நடக்க இரண்டு நொடிக்குச் சற்று மேல், மறுபடி ஓடிவர ஒரு நொடி. ஆக மூன்று நொடிக்கு ஒருமுறை பாலத்தடி வரைக்கும் ஓடி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி, மறுபடி ஓடி வருவான். நடுக்கம் போய்விட்டது, ஊசல் வந்துவிட்டது. வேகமாக இருந்த கோளாறு மெதுவான கோளாறு ஆனதே தவிர, தீரவில்லை. இன்னும் மோசம் என்றே சொல்லலாம்: நடுக்கத்தை யாரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், இதைப் பார்ப்பவர்கள் காவலன் ஏதோ யோசிக்கிறான் போலிருக்கிறது என்று விட்டுவிடுவார்கள்.

பதின்மூன்று வைத்தால்? காவலன் பாலத்தின் தொடக்கத்தை எட்டும்போது தூரம் 12.42. அந்த வழியில் அவன் போகவேண்டிய அதிகபட்சத் தூரம் அதுதான். பதின்மூன்றைத் தொடவே இல்லை. பாலத்தில் ஏறியதும் தூரம் குறையத் தொடங்கிவிடும். காவலன் வந்து சேருவான். இடைவெளியின் கீழ்வரம்பு இப்படித்தான் கிடைக்கிறது: விரட்டல் பலன் தரத் தொடங்குவதற்கு முன்பு, அதே விரட்டல் எதிரியை எவ்வளவு தூரம் விலக்கக்கூடும் என்று அந்த மேடையின் வரைபடத்தில் அளக்க வேண்டும், இடைவெளி அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். பாலம் இருபது மீட்டர் தள்ளியிருக்கும் மேடையில் பதின்மூன்றும் உதவாது. அங்கே எண்ணைப் பெரிதாக்கிக்கொண்டே போவதைவிட, நேர்கோட்டுத் தூரத்துக்குப் பதிலாக நடந்து போக வேண்டிய வழியின் நீளத்தை அளப்பது நல்லது. பாலத்தை நோக்கி ஓடும் ஒவ்வோர் அடியிலும் அந்த நீளம் குறையத்தான் செய்யும். ஒவ்வொரு ஃபிரேமிலும் வழி தேடுவது கணினிக்குக் கூடுதல் சுமை என்பதால், எல்லா எதிரிக்கும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

மேல்வரம்பும் உண்டு, அது ஆட்டக்காரர் பக்கத்திலிருந்து வருகிறது. ஆட்டக்காரர் நொடிக்கு 5 மீட்டர் ஓடுகிறார், காவலன் 4 மீட்டர் என்றால் ஒவ்வொரு நொடியும் ஒரு மீட்டர் இடைவெளி கூடும். பத்து மீட்டரில் கண்ணில் பட்டவர் பதின்மூன்றை எட்ட மூன்று நொடி ஓட வேண்டும். அது ஆட்டத்துக்குச் சுவைதான். கைவிடும் எண்ணை முப்பது என்று வைத்தால் இருபது நொடி ஓட்டம். அதற்குள் அவர் இன்னும் மூன்று காவலர்களின் வட்டத்துக்குள் நுழைந்துவிடுவார், ஒளிந்து விளையாடும் கேம் ஓட்டப்பந்தயமாகிவிடும். பார்த்துவிட்ட காவலன் பார்க்காத காவலனைவிடக் கொஞ்சம் அதிக தூரம் துரத்துவது யாருக்கும் அநியாயமாகப் படாது, அதுதான் மனித இயல்பும்கூட. அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பது ஆடிப் பார்த்துத்தான் தெரியும்.

இரண்டு எண் வைத்தும் நடுங்குகிறது என்று புலம்புகிறவர்களின் நிரலில் இரண்டு தப்புகள் சகஜமாகக் கிடைக்கும். ஒன்று, எண்கள் இடம் மாறியிருப்பது. தொடங்க 10, கைவிட 8 என்று இருந்தால் ஒன்பதாவது மீட்டரில் இரண்டு நிபந்தனையும் ஒரே நேரத்தில் உண்மை. பத்துக்குள் இருப்பதால் விரட்டு, எட்டைத் தாண்டியதால் கைவிடு. ஒற்றை எண் இருந்தபோது கோட்டின் மேல் மட்டும் இருந்த நடுக்கம், இப்போது இரண்டு மீட்டர் அகலப் பட்டை முழுக்கப் பரவிவிடும்; ஆட்டக்காரர் அசையாமல் நின்றாலும் ஃபிரேமுக்கு ஒருமுறை நிலை மாறும். கேமின் எண்களை மாற்றிப் பார்க்கும் வடிவமைப்பாளர் நிரலைப் பார்ப்பதில்லை. திரையிலுள்ள ஒரு பெட்டியில் ஓர் எண்ணைக் கூட்டுவார், மற்றதை மறந்துவிடுவார். அதனால் அனுபவசாலிகள் கைவிடும் எண்ணைத் தனியாகக் கேட்காமல், "தொடங்கும் எண்ணோடு எவ்வளவு கூட்டவேண்டும்" என்று கேட்டு வாங்குவார்கள்.

இன்னொன்று நுட்பமானது. தூரம் காண வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அதைத் தவிர்க்க, பலர் தூரத்தின் வர்க்கத்தையே ஒப்பிடுவார்கள்: 10-க்குப் பதில் 100. அது சரிதான். பிறகு மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும் என்று 100-உடன் 3-ஐக் கூட்டி 103 என்று எழுதிவிடுவார்கள். 103-இன் வர்க்கமூலம் 10.15. மூன்று மீட்டர் என்று நினைத்தது வெறும் 15 சென்டிமீட்டர். எழுத வேண்டியது 169.

எண்ணே வேண்டாம், "ஒருமுறை விரட்டத் தொடங்கினால் ஒரு நொடியாவது விரட்டு" என்று நேரக்கட்டுப்பாடு போட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். தூரத்தைப் பொறுத்தவரை அது வலிநிவாரணி. அகழிக் காவலன் ஒரு நொடி ஓடுவான், திரும்புவான், ஒரு நொடி ஓடுவான். அதே ஊசல்தான். ஆனால் நேரக்கணக்கு உண்மையிலேயே தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது. அது பார்வை.

இன்று பரவலாகப் பயன்படும் அன்ரியல் என்ஜினை எடுத்துக்கொள்வோம். எதிரிக்குக் கண் கொடுக்கும் பகுதியில் இரண்டு எண்களுக்கும் முதலிலேயே தனித்தனிப் பெட்டி உண்டு: `Sight Radius`, `Lose Sight Radius`. எதையும் மாற்றாமல் விட்டால் 3000, 3500 என்று இருக்கும். அன்ரியலின் அளவு சென்டிமீட்டர் என்பதால் 30 மீட்டரில் பார்க்கும், 35 மீட்டரில் விடும். ஹிஸ்டெரிசிஸ் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் அது இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. ஆனால் அதே பகுதியில் பார்வைக் கோணத்துக்கு ஒரே ஓர் எண்தான்.

அகழிக் காவலனுக்கு அதையும் பொருத்திப் பார்க்கலாம். அவனுக்கு இருபக்கமும் 90 டிகிரி, அதாவது முன்பக்கம் முழுக்கத் தெரியும், முதுகுப்பக்கம் தெரியாது என்று வைப்போம். வலப்பக்கம் பாலத்தை நோக்கி ஓடும்போது அவன் முகம் வலப்பக்கம். ரோந்துப் புள்ளியை விட்டு ஓர் அடி வைத்ததுமே ஆட்டக்காரர் அவனுக்குச் சற்றே பின்பக்கம் ஆகிவிடுகிறார். தூரம் சரியாக இருக்கிறது, கோணம் தவறிவிட்டது. காணவில்லை, ரோந்து. திரும்புகிறான், முகம் இடப்பக்கம் வந்ததும் ஆட்டக்காரர் கண்ணில் படுகிறார். விரட்டு. இரண்டு தூர எண்களும் சரியாக இருந்தும் பழைய நடுக்கம் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. ஓடும் எதிரிக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவே தூண்கள் வரிசையாக இருந்தாலும் இதே கதைதான். ஒவ்வொரு தூணும் ஒரு நொடிப்பொழுது பார்வையை மறைக்கும்.

இங்கேதான் நினைவு உதவுகிறது. கண்ணிலிருந்து மறைந்த பிறகும் மூன்று நொடி அவர் அங்கேயே இருப்பதாக நம்பு, அதற்குள் மறுபடி கண்ணில் படாவிட்டால் கைவிடு என்று எழுத வேண்டும். நம் காவலனுக்கு அந்த மூன்று நொடி போதும்: ரோந்துப் புள்ளியிலிருந்து பாலத்தடிக்கு அவன் ஓட இரண்டு நொடிதான் ஆகும். பாலத்தில் ஏறி அக்கரையை நோக்கித் திரும்பியதும் ஆட்டக்காரர் அவன் முகத்துக்கு இடப்பக்கம் 40 டிகிரியில் இருப்பார், நன்றாகத் தெரிவார்.

இன்னொரு வகை எல்லை எதிரியின் வீட்டைச் சுற்றி வரையப்படுவது. தன் இடத்திலிருந்து இத்தனை மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று பல கேம்களில் எதிரிக்குக் கண்ணுக்குத் தெரியாத கயிறு கட்டியிருப்பார்கள். ஆட்டக்காரர் அந்தக் கயிற்றின் எல்லைக்கு ஓரடி வெளியே நின்றுகொண்டால் போதும். எதிரி வருவான், கயிறு இழுக்கும், திரும்புவான், திரும்பிய அடுத்த கணமே ஆட்டக்காரர் பத்து மீட்டருக்குள்தான் இருக்கிறார், மறுபடி வருவான். இங்கே கண்டறியும் எண்ணையும் கைவிடும் எண்ணையும் எவ்வளவு விலக்கி வைத்தாலும் பயனில்லை. சண்டை வேறு இரண்டு விதிகளுக்கு நடுவே நடக்கிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமில் இதற்கு மூன்றாவது நிலை ஒன்று உண்டு. எல்லை மீறித் துரத்திய மிருகம் தன் இடத்துக்குத் திரும்பிப் போய்ச் சேரும்வரை யாரையும் கண்டுகொள்ளாது. அடித்தாலும் அதன்மேல் அடி விழாது, இழந்த உயிர்ச்சக்தியும் மீண்டுவிடும். வழியில் எதற்காகவும் மனம் மாறாத நிலை என்பதால் அங்கே நடுக்கத்துக்கு இடமே இல்லை. தூரத்தில் நின்று பாதுகாப்பாக அம்பு விட்டுக் கொல்லும் தந்திரமும் அதோடு அடிபட்டுப் போனது.

கேம் எழுதிப் பழகுகிறவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் ஒரு வேலை சொல்லுங்கள். நிலை மாறும் ஒவ்வொரு முறையும் ஃபிரேம் எண்ணோடும் தூரத்தோடும் ஒரு வரி அச்சாகும்படி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். தொடங்கும் வட்டமும் கைவிடும் வட்டமும் திரையில் இரு நிறங்களில் தெரியட்டும். பிறகு ஆட்டக்காரரை வெட்டவெளியில் நிறுத்தாமல் அகழிக்கு அப்பால், சுவருக்குப் பின்னால், மாடி விளிம்பில், கயிற்றின் எல்லைக்கு ஓரடி வெளியே என்று மாற்றி மாற்றி நிறுத்தி, ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அசையாமல் நிற்கும் ஆட்டக்காரருக்கு அந்த ஒரு நிமிடத்தில் ஒன்றிரண்டு வரிதான் அச்சாக வேண்டும். பத்து வரி வந்தால் எண்களைத் தொடுவதற்கு முன், அந்த இடத்தில் விரட்டல் எதிரியை எந்தப்பக்கம் தள்ளுகிறது, ரோந்து எந்தப்பக்கம் இழுக்கிறது என்று முதலில் பாருங்கள்.